ஒன்பதாம் வகுப்புப் பையன் ஏன் சந்தேகமே கேட்பதில்லை?

“புரிஞ்சுதா?” என்று சார் கேட்டால் கடைசி பெஞ்ச் தலையாட்டும். நோட்டிலோ 3(x − 2) = 9 என்பது 3x − 2 = 9 ஆகியிருக்கும். சோம்பேறி என்று முடிவு கட்டிடுறோம்.

குழந்தை தைரியமாகத் தவழ்ந்து போவது, திரும்பினால் அம்மா இருப்பார் என்பதால்தான். ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் இதைப் ‘பாதுகாப்பான தளம்’ என்றார்கள். வகுப்பில் அந்தத் தவழல், தப்பாகலாம் என்று தெரிந்தும் கையைத் தூக்குவது. ஒருமுறை “இதுகூடத் தெரியாதா?” என்று வாங்கிக்கட்டிக்கொண்டவன் அப்புறம் கேட்கவே மாட்டான். மௌனம்தான் அவனுக்குப் பாதுகாப்பு.

வளர்ந்த பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 99 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியருடனான நல்ல உறவுக்கும் படிப்பு ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பு, மேல் வகுப்புகளில்தான் இன்னும் வலுவாக இருந்தது. மார்க்குடன் அந்தத் தொடர்பு குறைவே.

அதற்காக சார் அப்பாவாக வேண்டாம். தினம் நாற்பது நிமிஷத்தில் முடியவும் முடியாது. இந்த வயசில் பலருக்கு நெருக்கமே கூச்சம். தப்பு செய்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும். “அடைப்புக்குறியை எப்படிப் பிரிச்சே, சொல்லு” என்று ஒவ்வொரு முறையும் அதே நிதானத்தோடு கேட்கிற சாரிடம், சில வாரத்தில் அவனே நோட்டை எடுத்துக்கிட்டு வருவான். மார்க் ஏறுவது அதற்கு அப்புறம்தான்.