‘கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா’

மாசத்துக்கு ரெண்டு பேராவது கேட்கிறார்கள். “அண்ணா, வேலைக்கு அப்ளை பண்றேன், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க.” நானும் “அதுக்கென்ன, அனுப்பு” என்பேன். வரும். நாலு எழுத்துப்பிழை திருத்தி, “நல்லா வந்திருக்கு, தைரியமாப் போ” என்று திருப்பி அனுப்புவேன். பிறகு சத்தமே இருக்காது. வேலை கிடைக்கவில்லை என்பது வேறு யாரோ சொல்லித்தான் தெரியவரும். அந்தத் தோல்வியில் என் பங்கும் இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள், அவள் வீட்டில் முதல் பட்டதாரி. போன மாசம் அவளிடமிருந்து வந்த செய்தியை அப்படியே தருகிறேன்:

“அண்ணா, வணக்கம். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல திட்ட உதவியாளர் வேலை. கடைசித் தேதி 20. விளம்பரம், மெயில் வாசகம், ரெஸ்யூமே மூணும் இணைச்சிருக்கேன். ரெண்டு உதவி வேணும். ஒண்ணு, மெயிலைப் படிச்சு எந்த வரி புரியலை, எந்த வரி தேவையில்லைன்னு சொல்லுங்க. நீங்களே இங்கிலீஷ்ல மாத்தி எழுதித் தர வேண்டாம். ரெண்டு, 14 இல்ல 15 சாயங்காலம் போன்ல அரைமணி நேரம் மாதிரி நேர்முகம். நடுவுல திருத்தாம கேள்வியா மட்டும் கேளுங்க. முடிஞ்சப்புறம் குறையைச் சொல்லுங்க. நேரமில்லைன்னா 10ஆம் தேதிக்குள்ள சொல்லிடுங்கண்ணா, வேற ஆளைக் கேட்டுக்கறேன்.”

படித்ததும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, ‘வேற ஆளைக் கேட்டுக்கறேன்’ என்கிறாளே என்று. யோசித்துப் பார்த்தால் அந்த வரிதான் இதில் நேர்மையான வரி. முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாள், தனக்கும் அவகாசம் வைத்துக்கொண்டிருக்கிறாள். ‘கொஞ்சம் ஹெல்ப்’ என்பதில் நான் செய்ய வேண்டியது என்ன, எப்போது என்று எதுவுமே கிடையாது. அதனால்தான் நானும் எதுவும் செய்யாமலே செய்ததாக நினைத்துக்கொள்கிறேன். விளம்பரத்தை இணைத்தது இன்னும் முக்கியம். அது இல்லாமல் விண்ணப்பத்தைத் திருத்துவது, கேள்வித்தாளைப் பார்க்காமல் விடைத்தாளுக்கு மார்க் போடுகிற கதை.

மெயிலைத் திறந்தேன். பொருள் என்கிற இடத்தில் ‘வேலை சம்பந்தமாக’ என்று மட்டும் இருந்தது. முதல் வரி, ‘மிகுந்த பணிவுடனும் வணக்கத்துடனும் தங்கள் மேலான கருணையை இறைஞ்சி’ என்பதன் ஆங்கிலம். வெள்ளைக்காரன் காலத்து மனு எழுதுகிறவர் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த நடை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதத்தோடு சேர்த்து இதைத்தான் புகட்டுகிறார்கள். அடுத்து அப்பா கூலி வேலை, ரெண்டு தம்பிகள், குடும்பக் கஷ்டம். மூணாவது பத்தியில், அதுவும் கடைசி வரியில்தான், பாலக்கோடு வட்டாரத்தில் 30 ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் ஃபுளோரைடு அளந்தது வருகிறது. விளம்பரம் கேட்டிருந்ததே நீர்ப் பரிசோதனை தெரிந்த ஆளைத்தான்!

கஷ்டத்தைச் சொல்லக்கூடாதா என்று சண்டைக்கு வராதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த மெயிலைத் திறக்கிறவர் விளம்பரத்தில் போட்ட தகுதி இருக்கிறதா என்றுதான் தேடுவார். முதல் நாலு வரியில் அது கண்ணில் படவில்லையென்றால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அதனால் அவளிடம் மூன்றே விஷயம் சொன்னேன். பொருளில் பதவியின் பெயர், விளம்பர எண், உன் பெயர். முதல் வரியில் எந்த வேலைக்கு என்பது, ரெண்டாவது வரியில் 30 கிணறு. இறைஞ்சல் மொத்தமும் வெளியே. கூடவே `resume_final2.pdf` என்றிருந்த கோப்புக்கும் அவள் பெயரையே வைக்கச் சொன்னேன். அவர்கள் அதை இறக்கி வைத்த பிறகு அந்தப் பெயரை வைத்து யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதே.

கை சும்மா இருக்குமா? நானே ஒரு வாக்கியமும் சேர்த்தேன். சுற்றுச்சூழல் நீதியில் ஆழ்ந்த ஈடுபாடு, அது இது என்று, கவிஞன் அல்லவா. அவள் அதை அடித்துவிட்டாள். “இதை நான் பேச மாட்டேன்ணா. எதிர்ல உக்காந்து கேட்டா மாட்டிக்குவேன்.” பெரியவர்கள் திருத்தித் தருவதில் உள்ள ஆபத்து இதுதான். மெயில் எங்கள் குரலில் போகும், நேர்முகத்தில் அவர்கள் குரல் கேட்கும், இடைவெளி எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மாதிரி நேர்முகத்தில் முதல் கேள்வி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து ஆரம்பித்து நாலு நிமிஷம் பேசினாள், கிணறு வரவேயில்லை. குறித்துக்கொண்டேன், திருத்தவில்லை. அப்புறம் ரெஸ்யூமேயில் ‘டைசாப்’ என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. எனக்கு வேதியியல் தெரியாது. அது என்ன, எதுக்குச் சேர்த்தீங்க என்றேன். “எங்க மேடம் சேர்க்கச் சொன்னாங்க” என்றாள். அவ்வளவுதான், வேலை போச்சு என்று எனக்கே புரிந்தது. செய்தது அவள், முப்பது கிணற்றுக்கும் வெயிலில் அலைந்தது அவள். ஒரு கேள்வியில் எல்லாம் மேடத்துடையதாகிவிட்டது.

எனக்கும் இது நடந்தது. 2013இல் வங்கி எழுத்தர் வேலைக்கு இன்னும் நேர்முகம் இருந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் கவிதை என்று போட்டிருந்தேன். “ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்” என்றார் நடுவில் இருந்தவர். நூறு கவிதை எழுதினவனுக்கு ஒரு வரி வரவில்லை. முந்தின நாள் ஒரே ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

ஆனால் விடை சரியா என்று சொல்ல என்னால் முடியாது. அதனால் அவளுடைய கல்லூரி ஆய்வகத்து அக்காவிடம் ரெண்டாவது மாதிரி நேர்முகம் கேள் என்று அனுப்பினேன். திரும்பி வந்து எனக்கே பாடம் நடத்தினாள். ஃபுளோரைடு எலக்ட்ரோடு தனித்து நிற்கிற ஃபுளோரைடை மட்டும்தான் உணருமாம். தண்ணீரிலுள்ள அலுமினியமும் இரும்பும் அதைப் பிடித்து வைத்திருந்தால் அளவு குறைத்துக் காட்டும். டைசாப் அந்தப் பிடியை விடுவிக்கிறது. பி.ஹெச். அளவை 5, 5.5 அளவில் நிறுத்துகிறது, எல்லா மாதிரியிலும் உப்புச் செறிவைச் சமமாக்குகிறது. பி.ஹெச். ஏறினால் ஹைட்ராக்சைடு குறுக்கிடும், ரொம்ப இறங்கினால் ஃபுளோரைடு அமிலமாகிப் பிடிபடாது. வங்கிக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இனி எவருக்கும் சொல்வாள்.

இன்னொரு கேள்வியை வேண்டுமென்றே கேட்டேன். “சொந்த ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?” இது எதற்குக் கேட்கப்படுகிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போனில் பத்து விநாடி மௌனம். பேசி ஒரு பதில் முடிவு பண்ணினோம்: “பாலக்கோடு பக்கம். அப்பா விவசாயக் கூலி. நான் சோதிச்ச கிணறுகள்ல நாலு எங்க ஊர்லயே இருக்கு.” இதனால் அந்தக் கேள்வி நின்றுவிடாது, கேட்கிறவர் திருந்திவிடவும் மாட்டார். அதற்குப் பின்னால் வருகிற பத்துக் கேள்வியை அவள் பதறாமல் கேட்க முடியும், அவ்வளவுதான். இதை மூணு தடவை சொல்ல வைத்தேன். மூணாவது தடவை குரல் கம்மவில்லை.

அழைப்பு வந்தது. போனாள். டைசாப்பும் கேட்டார்கள், ஊரும் கேட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று, இவள் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். நான் ஆறுதல் சொல்லக் கூப்பிட்டேன். அவள் அடுத்த விளம்பரத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். “மெயிலை மட்டும் நீங்க பாத்துடுங்கண்ணா, 5ஆம் தேதிக்குள்ள. இன்டர்வியூவுக்கு இந்தத் தடவை நீங்க வேண்டாம், கெமிஸ்ட்ரி தெரிஞ்ச ஆளாப் புடிச்சிட்டேன்.”