கணக்கில் 2 பிட்காயின்... கம்பெனிக்குச் சொந்தமானது எவ்வளவு? ஆடிட்டர் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இரண்டு டைரக்டர்கள், பத்துப் பன்னிரண்டு ஊழியர்கள். மார்ச் 31 கணக்கு முடிவில் ‘கையிருப்பு: 2 பிட்காயின்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதில் 1.2 பிட்காயின் கம்பெனியின் சொந்த ஹார்டுவேர் வாலட்டில், அதாவது பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு சாதனத்தில். மீதி 0.8 ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில். ஜூன் மாதம் ஆடிட்டர் வருகிறார். டைரக்டர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, “இதோ பாருங்க சார், எல்லாம் இருக்கு” என்கிறார்.

கம்பெனி கற்பனைதான். ஆனால் ஆடிட்டர் அடுத்து செய்யப்போவது எல்லாம் நிஜமாகச் செய்யப்படும் சோதனைகள்.

இந்தியாவில் பிரைவேட் லிமிடெட் என்றால் எவ்வளவு சின்ன கம்பெனியாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். கிரிப்டோ வைத்திருந்தால், ஆண்டு முடிவில் எவ்வளவு கையில் இருந்தது, வாங்கி விற்றதில் லாபமா நஷ்டமா, அதற்காக யாரிடமாவது டெபாசிட் அல்லது முன்பணம் வாங்கியதா என்பதைக் கணக்கறிக்கையில் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கம்பெனி எழுதும் அந்த எண் உண்மைதானா என்று பார்ப்பது ஆடிட்டர் வேலை.

முதல் கேள்வி: மார்ச் 31 அன்று இருந்ததா?

லேப்டாப் திரையை ஆடிட்டர் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு வெப் பக்கத்தில் தெரியும் எண்ணை பிரவுசரிலேயே மாற்றி எழுதிக் காட்ட இரண்டு நிமிடம் போதும். ஸ்கிரீன்ஷாட் என்றால் இன்னும் சுலபம். அதனால் கம்பெனியின் வாலட் முகவரிகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, தன்னுடைய கம்ப்யூட்டரில், தானே தேர்ந்தெடுத்த பிளாக்செயின் எக்ஸ்புளோரர் தளத்தில் தேடிப் பார்ப்பார். டைரக்டர் அனுப்பும் லிங்க்கை கிளிக் செய்வதில்லை. இரண்டு வேறு தளங்களில் பார்த்து ஒப்பிடுவதும் உண்டு.

பிட்காயினில் இது வசதியான விஷயம். எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது, எப்போது வந்தது, எப்போது போனது எல்லாமே உலகத்துக்கே தெரியும். யாருடைய முகவரி என்பது மட்டும்தான் தெரியாது.

நம்ம கம்பெனி முகவரிகளில் ஜூன் மாதம் தெரிவது 0.7 பிட்காயின். கணக்கிலோ 1.2. “ஏப்ரல்ல 0.5 வெளிய போயிடுச்சு சார், மார்ச் 31-ல இருந்தது” என்கிறார் டைரக்டர். அது சரியா என்று பார்க்க, ஆடிட்டர் பரிவர்த்தனைகளைப் பின்னோக்கிப் பார்த்து அன்றைய இருப்பைத் தானே கணக்குப் போட வேண்டும்.

இங்க ஒரு சின்ன பொறி இருக்கிறது. பல எக்ஸ்புளோரர் தளங்கள் காட்டுவது இந்திய நேரம் கிடையாது, யுடிசி எனப்படும் சர்வதேச நேரம். மார்ச் 31 நள்ளிரவு 12 மணி நமக்கு என்றால், அந்தத் திரையில் அது மாலை 6.30. இதைக் கவனிக்காமல் விட்டால், ஏப்ரல் 1 அதிகாலையில் வந்த காயினும் மார்ச் கணக்கில் சேர்ந்துவிடும். பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேர்கிறது. பிளாக்கில் பதியும் நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்பதால், எந்த பிளாக் எண் வரை கணக்கில் எடுத்தோம் என்பதையும் ஆடிட்டர் தன் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வார்.

கணக்குப் போட்டால் டைரக்டர் சொன்னது சரிதான். மார்ச் 31 இரவு அந்த முகவரிகளில் 1.2 பிட்காயின் இருந்தது. அப்போ வேலை முடிந்ததா? இல்லை.

அந்த முகவரி கம்பெனியுடையதா?

பல ஆயிரம் பிட்காயின் இருக்கும் ஏதோ ஒரு முகவரியைக் காட்டி ‘இது எங்களுடையது’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உண்மையில் அதை இயக்க முடிகிறவர், அதற்கான பிரைவேட் கீ எனப்படும் ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும்தான். சாவியைக் காட்டச் சொல்லவும் முடியாது. காட்டினால் ஆடிட்டரே எடுத்துக்கொண்டு போய்விடலாமே! பிறகு காயின் காணாமல் போனால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான் விழும். அதனால் நல்ல ஆடிட்டர் சாவியையோ, அதை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 வார்த்தைகள் கொண்ட சீட் ஃப்ரேஸையோ கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்.

சாவியைப் பார்க்காமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஆடிட்டர் ஒரு வாக்கியத்தைத் தருவார். அதில் அன்றைய தேதியும், முன்கூட்டி யாரும் ஊகிக்க முடியாத ஒரு எண்ணும் இருக்கும். டைரக்டர் அதை வாலட்டில் போட்டு டிஜிட்டல் கையெழுத்திடுவார். வரும் கையெழுத்தை ஆடிட்டர் தன் மென்பொருளில் முகவரியோடு பொருத்திப் பார்ப்பார். சாவி இல்லாதவரால் பொருந்தும் கையெழுத்தைத் தர முடியாது. காலியாகிவிட்ட முகவரிக்கும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

எல்லா வாலட்டிலும் இந்த வசதி கிடையாது. அப்போது சில்லறைத் தொகையை அனுப்பச் சொல்வார்கள். ‘0.00001374 பிட்காயினை அடுத்த அரை மணி நேரத்தில் உங்களுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று ஆடிட்டர் சொல்ல, அதே எண் பிளாக்செயினில் வந்து விழுந்தால், சாவி இவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். தொகையை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். கம்பெனி தேர்ந்தெடுத்தால், வேறு யாரோ செய்த பரிவர்த்தனையைக் காட்டி ஏமாற்ற வழி இருக்கிறது.

பாஸ் ஆன பிறகும் வந்த சந்தேகம்

நம்ம கம்பெனி இந்தச் சோதனையில் பாஸ். ஆனால் ஆடிட்டர் பரிவர்த்தனைப் பட்டியலை இன்னொரு முறை பார்க்கிறார். மார்ச் 29 அன்று 0.5 பிட்காயின் உள்ளே வந்திருக்கிறது. ஏப்ரல் 3 அன்று அதே 0.5 வெளியே போயிருக்கிறது. அதாவது ஆண்டு முடிவைத் தாண்டும்வரை ஐந்து நாள் மட்டும் தங்கியிருக்கிறது.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அதை வாங்கப் பணம் போனதற்குத் தடயம் இல்லை. இன்வாய்ஸ் இல்லை. துருவிக் கேட்டபோது, நண்பர் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியது என்கிறார் டைரக்டர். பேங்க் லோனுக்கு விண்ணப்பித்திருந்ததால், சொத்துக் கணக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டும் என்று செய்ததாம். கைமாற்று என்றால் பொறுப்புகள் பக்கத்தில் அதே அளவு கடனும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

கவனியுங்கள், காயின் இருந்தது, சாவியும் இவர்களிடம்தான் இருந்தது. இருந்தும் அது கம்பெனிக்குச் சொந்தமில்லை. பிளாக்செயின் சொல்வது இருப்பை, கையெழுத்து சொல்வது சாவியை. சொந்தத்தைச் சொல்வது பழைய பாணி ஆவணங்கள்தான்: பேங்க் ஸ்டேட்மென்ட், வாங்கிய ரசீது, போர்டு தீர்மானம்.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 0.8 கதை வேறு

எக்ஸ்சேஞ்சில் வைத்தால் சாவி வாடிக்கையாளரிடம் இருக்காது. ‘உங்களுக்கு 0.8 தர வேண்டும்’ என்று அந்தத் தளத்தின் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். இங்கே கையெழுத்துச் சோதனைக்கு வேலையில்லை. எக்ஸ்சேஞ்சிடமிருந்து கம்பெனி வழியாக வராமல், நேரடியாகத் தனக்கே இருப்புக் கடிதம் வரும்படி ஆடிட்டர் கேட்பார்.

கடிதம் வருகிறது. 0.8 சரி. ஆனால் கணக்கு டைரக்டரின் சொந்தப் பெயரில், சொந்த பான் எண்ணில் இருக்கிறது! சின்ன கம்பெனிகளில் இது நடக்கக்கூடியதுதான். கம்பெனி பெயரில் கேஒய்சி முடிக்க நிறைய பேப்பர் வேலை, அதனால் ‘முதல்ல என் பேர்லயே ஓப்பன் பண்ணிடுவோம்’ என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிடும். கிரிப்டோ விற்கும்போது 1% டிடிஎஸ் பிடிக்கும் நடைமுறை 2022 ஜூலையில் வந்தது. அது யார் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று வருமான வரித் தளத்தில் பார்த்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பணம் கம்பெனி பேங்க் கணக்கிலிருந்து போயிருந்தால், டைரக்டர் அதைக் கம்பெனிக்காக வைத்திருக்கிறாரா அல்லது கம்பெனி அவருக்குக் கடன் கொடுத்ததா என்ற கேள்வி வரும். இரண்டும் சட்டத்தில் வேறு வேறு. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவர் இன்னொருவருக்காக டிரஸ்ட்டாக வைத்திருக்கவும் முடியும் என்று சொன்னது. வசீர்எக்ஸ் தளத்தில் முடங்கிப்போன 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்கள் பற்றிய வழக்கு அது. ஆனால் டைரக்டர் கம்பெனிக்காக வைத்திருக்கிறார் என்பதற்கு எழுத்துப்பூர்வமாக ஏதாவது இருக்க வேண்டும். அன்றைய தேதியில் போட்ட தீர்மானம் இருந்தால் நல்லது. ஆடிட்டர் கேட்ட பிறகு பழைய தேதி போட்டு அச்சடித்தது செல்லாது.

இருப்புக் கடிதம் சொல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் கேட்கும்போது திருப்பித் தருமா? 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள். பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் ‘மல்டிசிக்’ வாலட்டில்தான் அவை இருந்தன. திரையில் காட்டியது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று நிறுவனம் சொன்னது.

சாவி யாரிடம் இருக்கிறது?

கடைசியாக, மிச்சமிருக்கும் 0.7-க்கு வருவோம். அந்த வாலட்டை அமைத்துக் கொடுத்தவர் ஜனவரியில் வேலையை விட்டுப் போன அக்கவுன்டன்ட். சீட் ஃப்ரேஸ் எழுதிய தாள் ஒரு டைரக்டரின் வீட்டு பீரோவில். அதன் போட்டோ அவருடைய மொபைல் கேலரியில்.

அக்கவுன்டன்ட் அந்த வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறாரா? யாராலும் சொல்ல முடியாது. இந்த ஆடிட்டின் நிஜமான எல்லை இதுதான். சாவி கம்பெனியிடம் இருக்கிறது என்று நிரூபிக்கலாம். வேறு யாரிடமும் இல்லை என்று நிரூபிக்க வழியே கிடையாது. பாஸ்வேர்டு மாற்றுவதும் உதவாது, ஏனென்றால் சாவி மாறாது. புதிய வாலட் உருவாக்கி, காயினை அதற்கு மாற்றுவதுதான் ஒரே தீர்வு. மூன்று சாவியில் ஏதாவது இரண்டு இருந்தால் திறக்கும்படி அமைத்தால், ஒருவர் போனாலும் வேலை நிற்காது, ஒருவர் மட்டும் நினைத்தாலும் எடுக்க முடியாது.

ஒரே ஆளிடம் சாவி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் குவாட்ரிகாசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் உதாரணம். அதன் நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். சாவி அவரோடு போய்விட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நீதிமன்றம் நியமித்த எர்னஸ்ட் அண்ட் யங் முகவரிகளைத் தேடிப் பார்த்தபோது, பெரும்பாலானவை 2018 ஏப்ரலிலேயே காலி. ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020-ல் அதை மோசடி என்றே அறிவித்தது. அவர் உயிரோடு இருந்தபோதே யாராவது முகவரிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நம்ம கம்பெனிக்கு ஆடிட்டர் இரண்டு வழி சொல்கிறார். கைமாற்று 0.5-ஐ நீக்கியோ கடனாகக் காட்டியோ கணக்கைத் திருத்தி, 0.8-க்கு ஆவணம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், ‘இந்தக் கையிருப்பில் இவ்வளவுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை’ என்று தன் அறிக்கையில் எழுதுவார். லோன் கேட்ட பேங்க் படிக்கப்போவதும் அந்த அறிக்கையைத்தான்.