சாம்பலா, மஞ்சளா?

கல்யாணத்துக்கு முன்னால் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் எல்லாம் உண்டு. பெயிண்ட் பொருத்தம் மட்டும் எந்த ஜோசியரும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் எனக்கும் என் மனைவிக்கும் நட்சத்திரமே சரியில்லை என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தெரியுமில்லையா? அங்கே எங்கள் முதல் சொந்த வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, இருபது வருஷத் தவணை. சுவரில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வீடு வெள்ளை வெளேரென்று நின்றது. கலர் மட்டும்தான் பாக்கி.

ஹாலுக்கு இளம் சாம்பல் என்றேன் நான். இளம் மஞ்சள் என்றாள் அவள்.

"சாம்பல் எதுக்குங்க? ஊரைச் சுத்தி விபூதி இருக்கறது போதாதா?"

"மஞ்சள் அடிச்சா நம்ம வீடு கல்யாண மண்டபம் மாதிரி இருக்குமே..."

முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினோம். மூன்றாவது நாள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஒன்று சொன்னாள். "பொறந்ததிலேர்ந்து வாடகை வீடுங்க. அஞ்சு வீடு மாறியிருக்கோம். ஒரு வீட்லகூட எங்கம்மா நினைச்ச கலர்ல சுவர் இருந்ததில்ல. ஆணி அடிக்கறதுக்குக்கூட ஓனரைக் கேக்கணும்." இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் அதே கதைதான். நாங்கள் இருந்தது ஆறு குடித்தனம் இருந்த வீடு. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார்கள், சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. ஆக, இரண்டு பேருமே முதல் தடவையாக ஒரு சுவருக்குச் சொந்தக்காரர்கள். விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பெயிண்டர் அண்ணன் அனுபவசாலி. இந்தத் தொழிலில் எத்தனை தம்பதிகளைப் பார்த்திருப்பாரோ! இரண்டு கலரிலும் சாம்பிள் டப்பா வாங்கி, ஹால் சுவரில் ஆளுக்கு ஒரு சதுரம் அடித்துவிட்டு, "பேசி முடிவு பண்ணி வைங்க சார்" என்று போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வேடிக்கை.

நான் ஆபீஸ் முடிந்து வர ராத்திரி எட்டு மணியாகும். டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அவளுடைய மஞ்சள் லேசாகப் பச்சை தட்டி, காமாலை கண்ட முகம் மாதிரி இருந்தது. "இதையா கேட்டே?" என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் பார்த்தபோது அதே சதுரம் தங்கம் மாதிரி ஜொலித்ததாம். என் சாம்பலைக் காலையில் பார்த்துவிட்டு, "ஐஸ் ஃபாக்டரி மாதிரி இருக்குங்க" என்றாள். ராத்திரி எனக்கு அது அம்சமாகத்தான் தெரிந்தது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் கோளாறு இல்லை. மறுநாள் பெயிண்டர் அண்ணன் வந்து கதையைக் கேட்டு, ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார். "சார், நீங்க சண்டை போடறது கலருக்கு இல்ல, வெளிச்சத்துக்கு."

விஷயம் இதுதான். சுவருக்கென்று தனியாக ஒளி கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மீதியைத்தான் நாம் கலர் என்கிறோம். வெளிச்சம் மாறினால் மீதியும் மாறும். பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. வரவு மாறினால் இருப்பும் மாறும், அவ்வளவுதானே!

அடி அண்ணாமலை, மலைக்கு மேற்குப் பக்கம். எங்களுக்குக் கிழக்கே 814 மீட்டர் உயரத்தில் அண்ணாமலை நிற்கிறது. ஊருக்கெல்லாம் வெயில் வந்த பிறகும் சூரியன் அதைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வர நேரமாகும். அதுவரை கிழக்கு ஜன்னல் வழியாக ஹாலுக்கு வருவது வானத்து வெளிச்சம் மட்டும்தான். அதில் நீலம் தூக்கல். சாம்பல் அந்த நீலத்தை வாங்கிக்கொண்டு இன்னும் குளிர்ந்துபோகிறது. சாயங்காலம் மேற்கு வெயில் தடையில்லாமல் நுழைகிறது. அதில் மஞ்சளும் சிவப்பும் அதிகம். அவளுடைய மஞ்சள் தங்கமானது அப்படித்தான். ராத்திரி நான் போட்ட எல்.இ.டி. டியூப் லைட்டின் பெட்டியில் 6,500 கெல்வின் என்று அச்சடித்திருக்கிறது. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும், இறங்க இறங்க மஞ்சளாகும். 6,500 என்பது நல்ல வெள்ளை, கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் சுவருக்கு அது ஆகாது.

அண்ணன் சுவர்ச் சதுரங்களை வெள்ளையடித்து மறைத்தார். இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டு அட்டை நாலு வெட்டி, வெள்ளை பிரைமர் அடித்து, கலருக்கு இரண்டு அட்டையாக இரண்டு கோட் கொடுத்தார். நன்றாகக் காயும்வரை பார்க்கக்கூடாது என்று உத்தரவு. எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அழுத்தமாகிவிடும். அட்டையில் என்ன சௌகரியம் என்றால், எந்த அறைக்கும், எந்தச் சுவருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து, ராத்திரி எட்டு. ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஆளுக்கு இரண்டு அட்டையோடு வீட்டுக்குள்ளேயே கிரிவலம் வந்தோம்.

ராத்திரிக்குள் வழக்கு முடிந்துவிட்டது. காலையில் குளிர்ந்த வெளிச்சம் வருகிற ஹாலுக்கு மஞ்சள்தான் சரி. மேற்கு வெயில் அடித்துக் கொளுத்துகிற படுக்கையறையில் மஞ்சள் அட்டை அடுப்பு மாதிரி எரிந்தது. சாம்பல் அட்டை அங்கே பதமாக இருந்தது. குளிர்ந்த வெளிச்சத்துக்குச் சூடான கலர், சூடான வெளிச்சத்துக்குக் குளிர்ந்த கலர். சமையல் மாதிரிதான், புளிப்பு ஏறினால் கொஞ்சம் வெல்லம்.

ஹாலின் ராத்திரிக் காமாலைக்கு மருந்து பெயிண்டில் இல்லை. 6,500-ஐக் கழற்றிவிட்டு 3,000 கெல்வின் விளக்கு மாட்டினோம். ஒரு லிட்டர் பெயிண்டை விட மலிவு. மஞ்சளுக்கு முகம் தெளிந்துவிட்டது.

கடைசியாக அண்ணன் இன்னொன்றும் செய்தார். கலர் அட்டையில் அவள் விரல் வைத்த மஞ்சளை விட்டு, அதே வரிசையில் ஒரு படி வெளிறினதை எழுதிக்கொண்டார். "ஏன்ணா, நான் சொன்னது இது இல்லையே?" என்று பதறினாள்.

"அட்டையில ஒரு விரல் அகலம்மா. வீட்ல நாலு சுவர். ஒரு சுவர் மஞ்சளை எதிர்ச் சுவர் வாங்கித் திருப்பி அடிக்கும். அடிச்சு முடிச்சப்புறம் பாருங்க, நீங்க கேட்ட மஞ்சள்தான் நிக்கும்."

நின்றது. அவளுடைய அம்மா வந்து ஹால் நடுவில் ரொம்ப நேரம் சும்மா நின்றார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க நான் ஒரு ஆணி அடிக்கட்டுமா?" என்று கேட்டார்கள். யாரையும் கேட்க வேண்டாம் என்று என் மனைவி சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள்.

கணக்குத் தீர்க்கும்போது அண்ணன் துண்டுச் சீட்டை நீட்டினார். கடைசி வரி: ஹார்ட்போர்டு அட்டை நாலு, கூலி தனி. வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டேன். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியருக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான்.