உங்கள் மண் கேட்பது என்ன?

அன்புச் சகோதரர் அவர்களுக்கு,



தங்கள் மடலும், அதனுடன் இணைத்து அனுப்பியிருந்த மண் பரிசோதனை அறிக்கையின் நகலும் கிடைக்கப் பெற்றேன். ஒரே ஏக்கர் நஞ்சை. ஆழ்குழாய்க் கிணற்று நீர். சென்ற சம்பாவில் நட்ட மூன்றாவது வாரமே பயிர் பழுப்பேறி, திட்டுத் திட்டாகக் குட்டையாய் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உரம் போதவில்லையென எண்ணி, மனைவியின் வளையல்களை அடகு வைத்து, மேலும் ஒரு மூட்டை டி.ஏ.பி. வாங்கி இட்டதாகவும், பயிர் தேறவில்லை என்றும் படித்தபோது மனம் கனத்தது. அந்த வளையல்கள் இன்னும் மீளவில்லை. இந்த ஆண்டும் அதே செலவைச் செய்வதா என்பதே தங்கள் கேள்வி. வேண்டாம் என்பதே அந்த அறிக்கை தரும் பதில். எவ்வாறு என்பதை விளக்குகிறேன்.

முதலில் ஒரு செய்தி. அறிக்கையிலுள்ள சத்துக்களின் அளவு ஏக்கருக்கு அன்று, ஹெக்டேருக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இதைக் கவனியாமல் ஹெக்டேர் அளவை அப்படியே ஏக்கருக்கு இட்டுப் பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

இனி எண்களுக்கு வருவோம். 'பி.எச்.' எனப்படும் கார அமில நிலை 8.2. மண் சற்றுக் காரமானது. ஆனால் களர் நிலமன்று. உப்பின் அளவும் அச்சம் தருவதாக இல்லை. ஆகவே கடைக்காரர் சொன்னபடி, களரைத் திருத்துவதற்கென்று ஜிப்சம் வாங்கவேண்டிய தேவை இல்லை. சாம்பல்சத்து 240 கிலோ, இது நடுத்தரம். தழைச்சத்து 196 கிலோ; 280க்குக் கீழே இருப்பதால் குறைவு. அங்ககக் கரிமம் 0.38 விழுக்காடு, இதுவும் குறைவே. மண்ணில் மக்கு இல்லை என்பது இதன் பொருள்.

இப்போது நாம் நின்று பார்க்கவேண்டிய இரண்டு வரிகள். மணிச்சத்து 34 கிலோ என்றிருக்கிறது. 22க்கு மேல் இருந்தாலே அதிகம் எனக் கொள்வர். அதற்குச் சில வரிகள் கீழே, துத்தநாகம் 0.6 என்றிருக்கிறது. நமது மாநிலத்து மண்ணில் இது 1.2க்குக் குறைந்தால் பற்றாக்குறை. தங்கள் பயிரின் நோய் இந்த இரண்டு வரிகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

டி.ஏ.பி.யில் பெரும்பகுதி மணிச்சத்து. 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ஏக்கர் நெல்லுக்குப் பொதுப் பரிந்துரையே 20 கிலோதான். தாங்கள் போகந்தோறும் இரண்டு மூட்டை இட்டு வந்திருக்கிறீர்கள். பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணிலேயே தங்கிவிட்டது. மணிச்சத்து மிகுந்தால், வேரிலிருந்து துத்தநாகம் தளிருக்கு ஏறுவது தடைப்படும். காரமான மண்ணும், வடியாமல் தேங்கிய நீரும் துத்தநாகத்தைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆக, பயிர் பழுத்தபோது தாங்கள் இட்ட மூன்றாவது மூட்டை, மருந்தாக அமையாமல் நோயை வளர்த்தது.

தழைச்சத்துக் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகுமே, எப்படி வேறுபடுத்துவது என்று கேட்கலாம். தழைச்சத்துக் குறைவில், முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளாகும். யூரியா இட்டால் சில நாளில் பச்சை திரும்பும். துத்தநாகக் குறைவில், இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பு வெளுக்கும். கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வயலில் சில இடம் உயர்ந்தும் சில இடம் குட்டையாகவும் நிற்கும். யூரியாவுக்கு அது அசையாது. தாங்கள் எழுதிய அடையாளங்கள் பின்னதையே காட்டுகின்றன.

இந்தப் பருவத்தில் செய்யவேண்டியவை இவை.

ஆடி முதல் பாதியிலேயே வயலில் 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். மூன்று வாரத்திற்குள் தனியிடத்தில் நாற்று விட்டுவிடுங்கள். பூண்டு 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுது, ஒரு வாரம் மக்கவிட்டு நடலாம். ஏக்கருக்கு இரண்டரை டன் தழை சேர்ந்தால், மண்ணிலுள்ள தழைச்சத்துக் குறைவுக்காகக் கூடுதலாக யூரியா வாங்கவேண்டிய தேவை பெரும்பாலும் நீங்கிவிடும்.

மணிச்சத்து அதிகமுள்ள நிலத்திற்குப் பரிந்துரையில் கால் பங்கைக் குறைப்பது வழக்கம். அதன்படி தங்களுக்கு 15 கிலோ போதும். 33 கிலோ டி.ஏ.பி.யில் அது கிடைத்துவிடும். இரண்டு மூன்று மூட்டை வாங்கிய இடத்தில் ஒரு மூட்டையிலும் மூன்றில் இரண்டு பங்கு. இதனைக் கடைசித் தொழி உழவில் இட்டு மண்ணுடன் கலந்துவிடுங்கள். அத்துடன் யூரியா 20 கிலோ, பொட்டாஷ் 17 கிலோ.

பின்னர் பரம்படித்து வயலைச் சமன்செய்து, நடவுக்குச் சற்று முன்பாகத் துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர் மணலுடன் கலந்து சீராகத் தூவுங்கள். பசுந்தாள் உரம் இடாத வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ வேண்டும். பூண்டு நன்கு வளர்ந்து மடக்கி உழுதிருந்தால் 5 கிலோவே போதுமானது. தூவியபின் மீண்டும் உழாதீர்கள். முக்கியமாக, கூலி மிச்சம் என்று இதனை டி.ஏ.பி.யுடன் கலந்து தூவிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத பொருளாகி, இரண்டின் பயனும் கெடும்.

தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகிய மூன்றிலும் தலைக்கு 33 கிலோ யூரியா இடுங்கள். கதிர் உருவாகும்போது மீதி 16 கிலோ பொட்டாஷையும் சேர்த்திடுங்கள்.

இவ்வளவு செய்தும் மூன்றாவது வாரத்தில் பழுப்புப் புள்ளி தென்பட்டால் கலங்க வேண்டாம். நீரை வடித்துச் சில நாள் வயலைக் காயவிடுங்கள். 200 லிட்டர் நீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் கரைத்து இலைமேல் தெளியுங்கள். தேறாவிடில் 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்கலாம்.

ஒன்றை மட்டும் தாங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும். மண் எடுத்த இடம் எது? எருக்குப்பை கிடந்த இடம், வரப்போரம், மரத்தடி ஆகியவற்றில் எடுத்த மண் வயலின் உண்மை நிலையைச் சொல்லாது. அங்கே மணிச்சத்து மிகுதியாகவே காட்டும். வயல் முழுவதும் பத்திடங்களில், ஆங்கில 'வி' எழுத்துப்போல் அரையடி ஆழத்திற்கு வெட்டி, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்பியிருந்தால் இந்த எண்களை நம்பலாம். அப்படி இல்லையென்றால், பூண்டு விதைக்குமுன் ஒருமுறை எடுத்து அனுப்பிவிடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் மட்டும் மண்ணைச் சேர்க்காதீர்கள். பூச்சு உதிர்ந்து, இல்லாத துத்தநாகத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

இம்மடலைப் படிக்கும் ஏனைய சகோதரர்கள் இந்த அளவுகளைத் தங்கள் வயலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வரப்பிலேயே மண் மாறும். அவரவர் அறிக்கையில் இந்த இரண்டு வரிகளையும் தேடிப் பாருங்கள்.

அறுவடை முடிந்ததும் எத்தனை மூட்டை கண்டது என்று எழுதுங்கள். உரத்தில் மிஞ்சும் பணம், இன்ஷா அல்லாஹ், அந்த வளையல்களை மீட்கும் கணக்கில் சேரட்டும்.

வஸ்ஸலாம்.