ஒருவழி வீதியின் இரண்டு முனைகள்: மலைநாட்டு வீதிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைநாட்டு வீதிகளைப் பராமரிக்கும் பொறியியலாளர்களுக்கும், நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிகளுக்கும்:

பொல்பிட்டியவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாதைகளில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஓரம் கட்டி வழிவிட்டால்தான் மற்றது நகரும். ஒருவழிப் பாதை என்ற சிக்கல் கினிகத்தேனை, ஹட்டன், நுவரெலியா என்று நகரங்களை நோக்கிப் போகிறவர்களுக்கே வருகிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிப் போகிறவர், மரக்கறி லொறி ஓட்டுகிறவர், விருந்தினரைக் கூட்டிப்போகும் வேன்காரர் எல்லாரும் இன்று கைபேசி வரைபடத்தைப் பார்த்தே ஓட்டுகிறார்கள். இரண்டு செயலிகள் ஒரே தெருவைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? தெருவுக்கே போய்ப் பலகையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே பலகையே பாதிதான் பேசுகிறது என்றால் என்ன செய்வது என்பதற்காகத்தான் இந்த மடல்.

நான் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்துக்குத் தகவல் சேர்க்கும் தொண்டர்களில் ஒருவன். 2004-இல் தொடங்கிய அந்த வரைபடத்தை வைத்துப் பல செயலிகள் இயங்குகின்றன. வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆகவே இரண்டு செயலிகள் முரண்படும்போது ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்த எங்களுக்கு வழியில்லை. நேரில் கண்டதையே எழுதவேண்டும்.

மலையக நகரமொன்றில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஏறிப்போகும் ஒரு தெருவை எடுத்துக்கொள்கிறேன். கீழ்முனை பிரதான வீதியில், மேல்முனை ஒரு கோயிலடியில். நடுவே ஒரு குறுக்குப் பாதை வந்து சேர்கிறது. ஒரு செயலி முழுத் தெருவையும் மேல்நோக்கிய ஒருவழி என்றது. மற்றது இருபக்கமும் போகலாம் என்றது. கீழ்முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். நடந்துதான் பார்க்கவேண்டும். ஓட்டிக்கொண்டு போனால் நமக்கு முகம் காட்டும் பலகைகள் மட்டுமே கண்ணில் படும், எதிரே வருகிறவருக்கான பலகையின் முதுகுதான் நமக்குத் தெரியும்.

கீழ்முனையில் நீலப் பின்னணியில் வெள்ளை அம்புக்குறி இருந்தது. அதுமட்டும் போதாது. ஒருவழிப் பாதை என்றால் அது முடியும் இடத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைய வருகிறவரின் முகத்துக்கு நேரே, சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நுழையத் தடைப் பலகை இருக்கவேண்டும். இரண்டும் ஜோடி. அதைத் தேடிக் கோயிலடி வரை ஏறினேன். அங்கே ஒன்றுமில்லை. அறுத்தெடுத்த கம்பத்தின் அடிக்கட்டைகூட இல்லை. திரும்பி இறங்கும்போதுதான் குறுக்குப் பாதைச் சந்தியில் அந்தச் சிவப்புப் பலகையைக் கண்டேன். மேலிருந்து இறங்குகிறவரைப் பார்த்து நின்றது, பாதி செடிக்குள் மறைந்து. அந்தச் சந்திக்கு மேலே நடுக்கோடு வெட்டுக் கோடாகத் தெரிந்தது. அது இருவழிக்கான அடையாளம். கீழே நடுக்கோடே இல்லை. ஓட்டோ தரிப்பிடத்தில் நின்ற ஒரு தம்பியிடம் கேட்டேன். "அந்தக் குறுக்குப் பாதை வரைக்குந்தான் வன்வே அண்ணே. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் போகலாம்" என்றார். பலகையும் கோடும் அவர் வாய்மொழியும் ஒத்துப்போயின.

அதாவது இரண்டு செயலிகளும் பாதி சரி, பாதி பிழை. திருத்துவது எளிது. வரைபடத்தில் அந்தத் தெருக்கோட்டைச் சந்தியில் வெட்டி, கீழ்ப்பாதிக்கு மட்டும் `oneway=yes` என்று போடவேண்டும். கோடு எந்தத் திசையில் வரையப்பட்டிருக்கிறதோ அந்தத் திசையே ஒருவழி என்பது அதன் பொருள். யாராவது கோட்டை மேலிருந்து கீழாக வரைந்திருந்தால், அதே குறிப்பு வண்டிகளைத் தலைகீழாக அனுப்பிவிடும். அப்போது கோட்டைத் திருப்பவேண்டும், அல்லது `oneway=-1` என்று எழுதவேண்டும். ஆகவே நேரில் போகிறவர் ஒருவழியா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த முனையிலிருந்து எந்தச் சந்தி வரை, எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

வண்டிகளின் ஓட்டத்தைப் பார்த்துத் திசையை ஊகிக்கும் முறைக்கும் மலைநாட்டில் ஒரு சங்கடம் உண்டு. முச்சக்கர வண்டிகள் குறுக்காகச் சில மீற்றர் எதிர்த்திசையில் இறங்குவதும் ஓட்டமாகவே பதியும். நிறுத்திய வண்டிகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்பதும் வெறும் துப்புதான். பழக்கம் வேறு, விதி வேறு. இவை முரண்பட்டால் நான் பலகையின் பக்கமே நிற்பேன். சந்தியில் பொலிஸார் நின்று கைகாட்டினால் அந்த நேரத்துக்கு அவர் சைகையே முதலாவது. நாளைக்கு அவர் அங்கே இல்லாதபோது நிற்பது பலகைதான், அதையே வரைபடத்தில் எழுதலாம்.

தற்காலிக ஒழுங்குகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் நெரிசலுக்காக விசேட போக்குவரத்துத் திட்டம் வருகிறது. சிவனொளிபாதமலைப் பருவத்தில் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரிகர் வண்டிகள் எங்கள் பக்கப் பாதைகளை நிறைக்கின்றன. மாதத்தைக் குறித்து, `oneway:conditional=yes @ (Apr)` என்று வரைபடத்தில் எழுத வழி இருக்கிறது. எல்லாச் செயலிகளும் அதைப் படிப்பதில்லை. அதைவிட, எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிகிறது என்று பலகை சொல்லாவிட்டால் எழுதுகிறவருக்கே தெரியாது. பருவம் முடிந்தும் கழற்றப்படாமல் நிற்கும் தற்காலிகப் பலகையை நிரந்தரம் என்று நம்பி ஒருவர் பதிந்துவிட்டால், அந்தப் பிழையும் நிரந்தரமாகிவிடும்.

இதைச் சாரதிகளின் கவனக்குறைவு என்று தள்ளிவிட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சாரதி கட்டுப்படவேண்டியது வீதிக் குறியீட்டுக்கு; செயலி அப்படிக் காட்டியது என்பது பொலிஸிடம் பதிலாகாது. அது நியாயமே. அப்படியானால் குறியீடு முழுமையாக இருக்கவேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். நான் சொன்ன தெருவில் கோயிலடியிலிருந்து இறங்கும் லொறிக்கு முன்னறிவிப்பே இல்லை. சந்திக்கு வந்தபின்தான் தடை தெரிகிறது. குறுக்குப் பாதையிலோ லொறி திரும்ப இடமில்லை. பின்னால் நான்கு வண்டி வந்து நின்றுவிட்டால் பின்நோக்கி ஏறவும் முடியாது. அதில் சிக்கிக்கொள்வது அம்புலன்ஸாகவும் இருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஒவ்வோர் ஒருவழிப் பகுதியின் இரண்டு முனைகளிலும் ஜோடிப் பலகை நிற்கட்டும். வண்டி திரும்பக்கூடிய கடைசிச் சந்தியிலேயே ஒரு முன்னறிவிப்பு இருக்கட்டும். நேரமோ விதிவிலக்கோ எழுதும் துணைப்பலகையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கட்டும். இந்த மலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களில் பலர் தமிழில்தான் படிக்கிறார்கள். தற்காலிகப் பலகையில் முடியும் திகதியைப் பெயின்றால் எழுதுங்கள், அந்தத் திகதியில் கழற்றுங்கள். செடி மூடிய பலகையை மழைக்காலம் முடிந்ததும் ஒருவர் கத்தியோடு போய் வெளிக்கொண்டுவரட்டும்.

அதோடு ஒரு பட்டியலையும் வெளியிடுங்கள். தெருவின் பெயர், எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்தி வரை, எந்தத் திசை, எந்த நேரம், எந்தத் திகதி முதல் என்பன அதில் இருந்தால் போதும். அதை எல்லாரும் பயன்படுத்தலாம் என்றும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் எல்லாச் செயலிகளும் ஒரே மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாளும் பலகையும் ஒத்துப்போகின்றனவா என்று நடந்து பார்க்க என்னைப் போன்ற தொண்டர்கள் தயாராக இருக்கிறோம். அழைத்தால் உங்கள் உத்தியோகத்தரோடு கூடவே வருகிறோம். அடுத்த ஏப்ரல் பருவத்துக்கு முன் முதல் பட்டியலைத் தாருங்கள்.