ஒரே வரியில் இரண்டு சம்பளம்

கோவையில் ஒரு சிறு பம்பு உதிரிபாகப் பட்டறையில் என் சித்தி வேலை பார்க்கிறார். தொழிலாளர் இருபத்துநான்கு பேர். 2023 மார்ச் மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டபோது, பதிவேட்டின் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். "பிடித்தமெல்லாம் சரியான்னு பார்த்துச் சொல்லு கண்ணு" என்றார்.

படத்தின் பாதியைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. சித்தியின் வரியில் தெரிந்தவை மூன்றே எண்கள்: மொத்தச் சம்பளம் 13,000, வருங்கால வைப்பு நிதி 780, இ.எஸ்.ஐ. 98.

வணிகவியல் வகுப்பில் சம்பளத்திலிருந்து பிடித்தத்தைக் கணக்கிடப் பழகுகிறோம். தொழிலாளிக்கு உதவுவது அதன் தலைகீழ்க் கணக்கே. இ.எஸ்.ஐ. பிடித்தம் நூற்றுக்கு முக்கால் ரூபாய். 13,000க்கு 97.50, சில்லறையை மேலேற்றி 98. சரி. வைப்பு நிதியோ நூற்றுக்குப் பன்னிரண்டு. 780 என்பது 6,500 ரூபாய்க்கு உரிய பிடித்தம்! ஒரே ஆள், ஒரே மாதம். ஆனால் ஒரு கட்டத்தில் 13,000, அடுத்த கட்டத்தில் 6,500.

மறைந்திருந்ததைச் சித்தியிடம் கேட்டறிந்தேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 6,500, வீட்டு வாடகைப்படி 2,600, 'சிறப்புப்படி' 3,900. பக்கம் முழுவதும் எல்லாருக்கும் இதே விகிதம்தான். எல்லாருக்கும் ஒரே சீராகத் தரப்படும் ஒன்றில் சிறப்பு எங்கே இருக்கிறது? அத்தகைய படியும் அடிப்படை ஊதியத்தில் சேர்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. வீட்டு வாடகைப்படியை மட்டும் சட்டம் விலக்கியிருந்தது. ஆக 10,400க்குப் பிடித்திருக்க வேண்டியது 1,248.

"பிடித்தம் குறைந்தால் கைக்கு 468 ரூபாய் கூட வருகிறதே" என்பது முதலாளி தரப்பு வாதம். சித்தியும் அப்படித்தான் மகிழ்ந்திருந்தார். முதலாளி தம் பங்காகச் செலுத்த வேண்டிய இன்னொரு 468 சத்தமின்றி மறைந்ததைப் பதிவேடு காட்டாது. அவர் பங்குக்கு அதில் கட்டமே இல்லை. இது மாதந்தோறும் நிகழும் இழப்பு. ஓய்வூதியமும் இதே ஊதியத்தைப் பொறுத்தது. ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். பதினைந்து ஆண்டுப் பணிக்கு 10,400இல் சுமார் 2,229 ரூபாய். 6,500இல் சுமார் 1,393.

இன்னொன்று. பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதற்குப் படம் சாட்சியாகாது. அதற்கு வைப்பு நிதிக் கணக்கேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். சித்திக்குத் திறந்து காட்டினேன்: தம் பங்கு 780, முதலாளி பங்கு 239, ஓய்வூதியத்துக்கு 541. கட்டியிருக்கிறார்கள், பாதிச் சம்பளத்துக்கு.

"இதை நான் ஒருத்தி போய்க் கேட்டா வேலை இருக்குமா கண்ணு?" என்றார் சித்தி. என்னிடம் பதில் இல்லை. இருபத்துநான்கு பேரும் சேர்ந்து கேட்கலாமே என்றேன். மறுநாள் இன்னும் மூன்று பேருடைய வரிகளின் படங்கள் வந்து சேர்ந்தன.