கரும்புக்குள் ஒரு கணவாய்

பாலக்கோட்டிலும் அரூர் பக்கத்துக் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த சேதி இது: வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடையும் போகும், சர்க்கரைக் கட்டுமானமும் போகும். எடை போவது நீர் வற்றுவதால். அதில் புதிர் இல்லை. கட்டுமானம் ஏன் போகிறது என்பதற்கான விடை, பள்ளி வேதியியலில் ‘கிளர்வு ஆற்றல்’, ‘வினையூக்கி’ என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பாடத்தில் இருக்கிறது.

கரும்புச் சர்க்கரையின் பெயர் சுக்ரோஸ். அதன் ஒரு மூலக்கூறில் ஒரு குளுக்கோசும் ஒரு ஃபிரக்டோசும் நடுவில் ஓர் ஆக்சிஜன் அணுவால் இணைந்திருக்கின்றன. தண்ணீரால் அந்த இணைப்பைப் பிரிக்க முடியும். பிரிந்தால் இரண்டு தனிச் சர்க்கரைகள் கிடைக்கும். சாறு அப்போதும் இனிக்கும், ஆனால் அந்தச் சர்க்கரைகள் ஆலையில் படிகமாகத் திரளாது. மொலாசஸோடு போய்விடும். வெல்லம் காய்ச்சுகிறவரிடம் கேட்டால், இப்படிப் பிரிந்த சாறு அச்சில் இறுகாமல் இளகி நிற்கும் என்பார்.

ஆற்றல் கணக்கில் பார்த்தால் பிரிந்த நிலைதான் தாழ்வான நிலை. அப்படியென்றால் தண்ணீரில் கரைத்த சர்க்கரையெல்லாம் உடனே பிரிந்துவிட வேண்டாமா? பிரிவதில்லை. ரிச்சர்ட் வோல்ஃபெண்டனும் யாங் யுவானும் 2008-இல் வெளியிட்ட கணக்கின்படி, அமிலமோ நொதியோ இல்லாத தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், இருக்கும் சுக்ரோசில் பாதி பிரிவதற்கே 400 ஆண்டுகளுக்கு மேலாகும்.

மலையின் இந்தப் பக்கம் ஒரு மேட்டுக் குழியில் பெரிய பாறை ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு இதைவிட ஆழமானது. பாறை அங்கே போய் விழுந்தால் ஆற்றல் மிச்சம்தான். ஆனால் நடுவில் மலை நிற்கிறது. முதலில் உச்சிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். குழியிலிருந்து உச்சிவரை ஏறும் அந்த உயரம்தான் கிளர்வு ஆற்றல். சுக்ரோசில் பழைய இணைப்பு பாதி அறுந்து, புதியது இன்னும் முழுதாக அமையாமல் இருக்கும் அந்த இக்கட்டான கணமே உச்சி.

இந்தப் படத்தை வகுப்பில் வரைந்ததோடு நிறுத்தினால் இரண்டு தவறான எண்ணங்கள் மனத்தில் தங்கிவிடும். பாறையைத் தள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது முதலாவது. மூலக்கூறுகளைத் தள்ள ஆள் யாரும் இல்லை. அவை ஒன்றோடொன்று ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதலில் சிலவற்றுக்கு மட்டும் தற்செயலாக உச்சியைத் தாண்டும் அளவு ஆற்றல் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கோடிக்கணக்கான பாறைகள் குலுங்கிக்கொண்டிருப்பதாகவும், அவற்றில் மிகச் சில மட்டும் எம்பி அப்பால் விழுவதாகவும் எண்ணுவதே சரி. வெப்பம் ஏறினால் குலுக்கல் கூடும்.

வினையூக்கி மலையைச் சீவிக் குட்டையாக்குகிறது என்பது இரண்டாவது எண்ணம். அதுவும் இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்து மலையுச்சிக்கு ஏறிப் போகிறதா என்ன? தொப்பூர்க் கணவாய் வழியாகப் போகிறது. மலை அதே உயரத்தில்தான் நிற்கிறது, வழிதான் வேறு. வினையூக்கி செய்வதும் இதுவே. புறப்படும் இடத்தின் உயரமும் போய்ச் சேரும் இடத்தின் உயரமும் மாறுவதில்லை. கணவாய் இரு திசைக்கும் பொது என்பதால் திரும்பி வருவதும் அதே அளவு எளிதாகிறது. அதனால்தான் நடக்கவே இயலாத வினையை எந்த வினையூக்கியாலும் நடத்த முடியாது.

சுக்ரோசுக்கு இப்படி இரண்டு கணவாய்கள் உண்டு. முதலாவது அமிலம். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, இரு சர்க்கரைகளையும் இணைக்கும் ஆக்சிஜனின்மேல் போய் உட்காருகிறது. உட்கார்ந்ததும் அந்த இணைப்பு தளர்ந்து அறுகிறது. அறுந்த இடத்தில் தண்ணீர் வந்து சேர, ஹைட்ரஜன் அயனி ஒன்று மீண்டும் சாற்றுக்குள் விடுபட்டு அடுத்த சுக்ரோசைத் தேடிப் போகிறது. வினையூக்கி ‘வினையில் ஈடுபடாது’ என்று சிலர் சொல்லிக்கொடுப்பது பிழை. முழுமையாக ஈடுபடுகிறது, செலவாவதில்லை, அவ்வளவுதான்.

இந்த அமில வழியிலும் மோலுக்கு ஏறத்தாழ 107 கிலோஜூல் ஏற வேண்டியிருக்கிறது. இந்த உயரத்தை வைத்துக் கணக்கிட்டால், 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது வேகம் நான்கு மடங்காகிறது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட மூவாயிரம் மடங்கு. ஆலையிலோ சாற்றைக் கொதிநிலைக்குக் காய்ச்சாமல் முடியாது, கரும்புச் சாறும் இயல்பிலேயே சற்றுப் புளிப்பானது, அதன் பிஹெச் 5-க்குச் சற்று மேலே. அப்படியே காய்ச்சினால் சர்க்கரை கண்ணெதிரே பிரிந்துபோகும். எனவே சுண்ணாம்புப் பால் சேர்த்து பிஹெச்சை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள். பிஹெச் ஓர் அலகு ஏறினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்தில் ஒன்றாகக் குறையும், பிரியும் வேகமும் அப்படியே குறையும். சுண்ணாம்பு அழுக்கைத் திரட்டிப் படியவைப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அழுக்கைப் பிரிப்பதும் உண்மைதான், ஆனால் கணவாயை அடைப்பதும் அதே சுண்ணாம்புதான். அளவு மிஞ்சினால் வேறு தொல்லை: ஏற்கெனவே பிரிந்திருக்கும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் சிதைந்து சாறு கறுத்துவிடும்.

இரண்டாவது கணவாய் கரும்புக்குள்ளேயே இருக்கிறது. இன்வர்டேஸ் என்ற நொதி அது. ஈஸ்ட்டின் இன்வர்டேசை வைத்து அளந்ததில் ஏற வேண்டிய உயரம் அமில வழியில் பாதிக்கும் குறைவு, ஏறத்தாழ 46 கிலோஜூல். வளரும் செடிக்கு இந்த நொதி தேவை, சர்க்கரையைப் பிரித்துத்தான் அது உணவாக்கிக்கொள்கிறது. வெட்டிய பிறகும் நொதி ஓய்வதில்லை. வெட்டுவாய் வழியாக நுழையும் நுண்ணுயிர்களும் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன.

மலை தாழ்ந்திருந்தால் வெப்பத்தின் செல்வாக்கும் குறையும் என்பது பலர் கவனிக்காத விளைவு. அமில வழியில் பத்து டிகிரிக்கு நான்கு மடங்கு என்று பார்த்தோம், நொதி வழியில் அது இரண்டு மடங்கைக்கூட எட்டாது. ஆகவே மார்கழிக் குளிரிலும் வெட்டிய கரும்பில் சர்க்கரை பிரிந்துகொண்டுதான் இருக்கும். வெயில் இல்லை என்று இரண்டு நாள் போட்டுவைப்பது தவறான கணக்கு. நேர்மாறாக, கொதிக்கும் சாற்றில் நொதியின் உருவமே குலைந்துவிடுவதால் அங்கே அது செயலற்றுப்போகும். வயலில் நொதியும் ஆலையில் அமிலமும் என்று ஆபத்து இடத்துக்கு இடம் மாறுகிறது.

பிரிந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கால் முடியாது. சுக்ரோஸ் கரைசல் தளமுனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும், பிரிந்த கலவை இடப்பக்கம் திருப்பும். 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் இந்தத் திருப்பத்தை நேரம் பார்த்து அளந்து, ஒரு வினையின் வேகத்தை முதன்முதலாகச் சமன்பாடாக எழுதினார். 1889-இல் ஸ்வான்டே அரீனியஸ், போதிய ஆற்றல் பெற்ற சில மூலக்கூறுகளே வினைபுரிகின்றன என்ற கருத்தை முன்வைத்ததும் இதே கரும்புச் சர்க்கரையைக் கொண்டுதான். இன்றைக்கும் ஆலை ஆய்வகத்தில் சாற்றை அளக்கும் போலாரிமீட்டர் இந்தத் திருப்பத்தைத்தான் படிக்கிறது.

விவசாயியின் கையில் இருப்பது நேரம் மட்டுமே. கட்டிங் ஆர்டர் வந்த பிறகு வெட்டுவது, வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரவைக்குச் சேர்ப்பது, வண்டி தாமதமானால் கரும்புக் கட்டுகளை நிழலில் போட்டுத் தோகையால் மூடித் தண்ணீர் தெளிப்பது ஆகிய மூன்றும் இழப்பைக் குறைக்கும். ஆனால் ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் காத்துநிற்கும் நேரத்தைக் குறைப்பது ஆலையின் பொறுப்பு. அந்தக் காத்திருப்பில் பிரிகிற சர்க்கரையைப் பின்னால் எவ்வளவு சுண்ணாம்பு சேர்த்தாலும் மீட்க முடியாது.